கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டை உண்மை சொல்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு செல்லூர் பக்கம் ஓர் உணவகத்தில் இடம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. ரவுண்டானாவிலிருந்து கோரிப்பாளையம் வரை வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே ஒரு குடும்பம் எழுந்திருக்கும் முன்பே அடுத்த குடும்பம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். இலை எடுக்க ஒரு ஆள், மேஜை துடைக்க ஒரு ஆள், சாம்பார் வாளியோடு ஒரு ஆள் என்று கூடமே பரபரப்பாக இருக்கும். அந்த நேரத்தில் உணவகத்தின் பின்கோடியில் இருக்கும் ஓர் அறையை மட்டும் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கழிவறையைத்தான் சொல்கிறோம்.

அதன் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அட்டை தொங்கும். இடப் பக்கம் 9 மணி, 10 மணி, 11 மணி என்று அச்சடித்திருக்கும். வலப் பக்கம் டிக் அடித்து, ஒரு கையெழுத்து போட்டிருக்கும். அடுத்த முறை போகும்போது அந்த அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். சில இடங்களில் மணி மூன்று இருபதுதான் ஆகியிருக்கும், நான்கு மணிக் கட்டத்தில் கையெழுத்து விழுந்திருக்கும். நாள் முழுக்க ஈரக் கையோடு வேலை செய்பவர் எழுதிய தாள், புத்தம் புதிதாக, ஒரு சொட்டுக் கறைகூட இல்லாமல் இருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு உரியதே. நாளெல்லாம் நடந்த வேலையை இரவு பத்து மணிக்கு ஒரே மூச்சில் எழுதிய அட்டை அது.

துப்புரவு செய்பவரைக் குறை சொல்லி இதை முடித்துவிடுவது சுலபம். ஆனால் தப்பு அட்டையிலேயே இருக்கிறது.

கடிகாரத்துக்கு வரும் கூட்டமா இது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செல்லூரில் 80 பேர் உட்காரும் உணவகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு மதியம் ஒரு நாற்காலியில் ஒருவர் சராசரியாக 40 நிமிடம் உட்கார்ந்தால், மணிக்கு 120 பேர் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். நான்கில் ஒருவர் கழிவறைக்குப் போனாலும் மணிக்கு 30 பேர். ஆண்கள் 18, பெண்கள் 12 என்று பிரித்துக்கொள்ளலாம். பெண்கள் பக்கம் இருப்பதோ ஒரே ஓர் அறை. மணிக்கு ஒரு முறை பார்க்கும் அட்டையை நம்பினால், பன்னிரண்டாவதாகப் போகும் பெண்ணுக்கு முன்னால் பதினொரு பேர் வந்து போயிருப்பார்கள். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நனைந்த தரையில் நிற்பவர் அவர்தான்.

அதே உணவகத்தில் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் போனாலே அதிகம். அப்போதும் மணிக்கு ஒரு டிக். ஆள் வராத நேரத்தில் வெட்டியாக ஒரு சுற்று, ஆள் குவியும் நேரத்தில் போதாத ஒரு சுற்று. அட்டை கடிகாரத்தைப் பின்பற்றுகிறது; அழுக்கோ ஆட்களின் எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது.

சரியான இடைவெளி எது என்பதை அந்தந்த உணவகம்தான் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு ஞாயிறு, ஒரு வார நாள் என இரண்டு நாள் கதவருகே யாரையாவது நிறுத்தி எத்தனை பேர் போகிறார்கள் என்று கோடு போடச் சொன்னாலே போதும். ஓர் அறையை ஆறேழு பேர் பயன்படுத்தியதும் ஒரு பார்வை என்று வைத்துக்கொண்டால், நம் 80 இருக்கை உணவகத்துக்கு ஞாயிறு பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை அரை மணிக்கு ஒரு முறை வரும். மற்ற நேரங்களில் மணிக்கு ஒன்று போதும்.

இதில் பலரும் மறந்துபோவது கை கழுவும் இடம். மேல்நாட்டுப் பாணியில் தயாரான அட்டைகளில் கழிவறைக்குள் இருக்கும் வாஷ்பேசினும் கழிவறையும் ஒரே வரியில் இருக்கும். நம் ஊரில் கதையே வேறு. கழிவறைக்குப் போகாதவர்கூட சாப்பிடும் முன் ஒரு முறையும் சாப்பிட்ட பின் ஒரு முறையும் கை கழுவுகிறார். அப்படியானால் மணிக்கு 240 முறை அந்தக் குழாய்கள் திறக்கின்றன. சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, எண்ணெய், வாய் கொப்பளித்த தண்ணீர் எல்லாம் அந்தத் தொட்டியில்தான் சேரும். அதற்குத் தனி அட்டை வேண்டும். நெரிசல் நேரத்தில் கால் மணிக்கு ஒரு முறை சல்லடையில் நிற்கும் பருக்கைகளை அள்ளி எடுத்து, தொட்டியை ஒரு துடை துடைத்துவிட்டால், மூன்று மணிக்குத் தொட்டி நிரம்பித் தண்ணீர் நிற்கும் காட்சி இருக்காது.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு கழிவறையையும் ஒரு சுற்றுப் பார்த்துத் துடைக்க ஐந்து நிமிடம், மணிக்கு இரண்டு முறை. கை கழுவும் இடத்துக்கு இரண்டு நிமிடம், மணிக்கு நான்கு முறை. மொத்தம் 18 நிமிடம். ஒருவரால் தாராளமாக முடியும். ஆனால் அதே அக்காவை "அந்த ஆறாம் நம்பர் டேபிள்ல இலையை எடுத்துட்டுப் போங்க" என்று இழுத்துவிட்டால் அந்தப் பதினெட்டு நிமிடம் காணாமல் போகும். நேரம் போவது மட்டும் பிரச்னை இல்லை. கழிவறை துடைத்த கை சாப்பாட்டு மேஜைக்கு வரவே கூடாது. நெரிசலான அந்த மூன்று மணி நேரத்துக்காவது அவரைக் கூடத்துக்கு அழைக்கக் கூடாது என்பது முதலாளி போட வேண்டிய சட்டம்.

முதலில் ஊற்றுவது, கடைசியில் தேய்ப்பது

அரை மணிச் சுற்று என்பது பார்த்து, குறையைச் சரிசெய்யும் வேலை. முழுச் சுத்தம் அதுவல்ல. கடை திறக்கும் முன், மதியக் கூட்டம் கலைந்த பின், இரவு கடை அடைக்கும்போது என்று நாளுக்கு மூன்று முறை முழுச் சுத்தம் நடக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதல் வேலை, டாய்லெட் கிளீனரைக் கோப்பையின் விளிம்புக்கு அடியில் சுற்றிலும் ஊற்றுவது. ஊற்றிய கையோடு தேய்த்தால் பாதிப் பயன்தான். அது பத்து நிமிடம் ஊற வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மற்றதைப் பார்க்கலாம். கண்ணாடி, குழாய்த் திருகு, ஸ்விட்ச், கதவுத் தாழ்ப்பாள், ஹெல்த் ஃபாசெட்டின் கைப்பிடி, ஃப்ளஷ் பொத்தான் என்று கை படும் இடங்களை வரிசையாகத் துடைக்க வேண்டும். அசுத்தம் குறைந்த இடத்தில் தொடங்கி அதிகமான இடத்துக்கு, மேலிருந்து கீழாக, உள்ளேயிருந்து வாசலை நோக்கி. கோப்பையைத் தேய்ப்பது அதற்குப் பிறகு. தரை எல்லாவற்றுக்கும் கடைசி.

கோப்பைக்கும் தரைக்கும் ஒரு நிறத் துணி, கண்ணாடிக்கும் குழாய்க்கும் இன்னொரு நிறத் துணி. இங்கிலாந்து மருத்துவமனைகளில் கழிவறைக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். உணவகத்துக்கும் அது பொருந்தும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். சிவப்புத் துணி கை கழுவும் இடத்தில் தொங்கினால், மேலாளர் பத்தடி தூரத்திலிருந்தே தப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

கை படும் இடங்களுக்கு ஹைப்போ கரைசல் போதும். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நாள்பட்டால் வீரியம் போய்விடும். அழுக்கின் மேல் நேரடியாகத் தெளித்தாலும் பயன் குறைவு. சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுத்தான் ஹைப்போவைத் தொட வேண்டும். உலோகக் குழாய்களை அப்புறம் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பளபளப்பு போகும்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கோப்பைக்கு ஊற்றும் டாய்லெட் கிளீனரில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். கடையில் லிட்டர் கணக்கில் வாங்கும் ஆசிட்டும் அதுவே. அதோடு ஹைப்போவோ பிளீச்சிங் பவுடரோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத, கதவு சாத்திய நாலடிக்கு நாலடி அறையில் அது மூச்சை அடைத்துவிடும். "ரெண்டையும் சேர்த்து ஊத்தினா நல்லா வெளுக்கும்" என்று நினைத்து ஊற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காமல், அமிலம் கோப்பைக்கு மட்டும், ஹைப்போ கை படும் இடத்துக்கு மட்டும் என்று பிரித்துவிட வேண்டும். கோப்பையில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே அடுத்த வேலை. கண்ணெரிச்சல், தொண்டை கமறல் வந்தால் எதையும் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அட்டையின் மேல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுத வேண்டிய ஒரே எச்சரிக்கை இதுதான்.

தரையைக் கழுவினால் மட்டும் போதாது, வைப்பரால் தள்ளி உலர்த்த வேண்டும். நனைந்த தரையில் செருப்புத் தூசி பட்டால் ஐந்தே நிமிடத்தில் சேறு. சுத்தமான தண்ணீர்தான் என்று நமக்குத் தெரிந்தாலும், உள்ளே வருபவருக்கு அது எந்தத் தண்ணீர் என்று எப்படித் தெரியும்?

பினாயில் மறைப்பதை மூக்கு கண்டுபிடிக்கும்

பல உணவகங்களில் நாற்றத்துக்கு ஒரே பதில், இன்னும் கொஞ்சம் பினாயில். வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதில்லை. பெரும்பாலும் அது மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வரும்.

முதலாவது, மஞ்சள் படிவு. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா வரும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதுதான். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் அந்த உப்பும் சிறுநீரும் சேர்ந்து கல்லைப்போல் கோப்பையின் விளிம்பிலும் சிறுநீர்த் தொட்டியின் ஓட்டையைச் சுற்றியும் படிந்துவிடும். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அமிலக் கிளீனர் ஊற்றி ஊறவைத்தால்தான் கரையும். ஆனால் அதே அமிலத்தைத் தரையிலும் ஊற்றினால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டையும் அரித்துவிடும். அரித்த பள்ளத்தில் சிறுநீர் இறங்கி நிற்கும். சுத்தம் செய்யச் செய்ய நாற்றம் கூடுகிறதே என்று குழம்புகிற உணவகங்களில் டைல்ஸ் இடுக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தரையில் சல்லடைக்குக் கீழே இருக்கும் வளைவு. பிளம்பர்கள் நஹானி டிராப் என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மாடியில் ஏ.சி. ஹால் வைத்து, விசேஷ நாளில் மட்டும் திறக்கும் உணவகங்களில் அது காய்ந்துபோகும். கரப்பான்பூச்சிக்கும் அதுவே வாசல். பயன்படுத்தாத கழிவறையிலும் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். 'யாரும் போகாத ரூம்தானே' என்று அட்டையே மாட்டாமல் விடுவது அங்கேதான் நடக்கிறது.

மூன்றாவது, காற்று. கழிவறைக் கதவு ஏ.சி. கூடத்துக்குள் திறப்பதாக இருந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டிஷ்யூ தாளைக் கதவின் கீழ் இடுக்கில் பிடித்துப் பாருங்கள். தாள் உள்பக்கமாக இழுபட்டால் சரி. வெளியே தள்ளினால் கழிவறைக் காற்று சாப்பாட்டு மேஜைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபேனின் இறக்கையில் தூசி அப்பியிருந்தால் சத்தம் மட்டும் வரும், காற்று போகாது.

செல்லூருக்கு இன்னொன்றும் உண்டு. பந்தல்குடி கால்வாய் ஓடும் பகுதி இது. 2024 அக்டோபரில் கொட்டிய மழையில் செல்லூரின் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் வெளிச் சாக்கடை நிரம்பி, தரைத்தளக் கழிவறை வழியாகத் திரும்பி வரும். முதல் அறிகுறி, யாரும் தண்ணீர் ஊற்றாதபோதே சல்லடையில் 'களக் களக்' என்று கேட்கும் சத்தம். அதன் பிறகு அந்தக் கழிவறையைப் பூட்டுவதுதான் சரி. குச்சி விட்டுக் குத்துவதும், பாதாளச் சாக்கடைத் தொட்டிக்குள் ஆளை இறங்கச் சொல்வதும் கூடவே கூடாது. பின்னது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சோப்பில் கலக்கும் தண்ணீர்

சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் நிறைய இடங்களில் நடக்கிறது. கை கழுவும் சோப்பு சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீர் கலந்து ஊற்றுவார்கள். தண்ணீர் கலந்தால் சோப்பு கெடாமல் இருக்கப் போட்டிருக்கும் மருந்தின் வீரியமும் குறைந்துவிடும். அந்த நீர்த்த சோப்பிலேயே பாக்டீரியா வளரும். பாதி இருக்கும்போதே மேலே மேலே ஊற்றுவதும் அப்படித்தான். அடியில் கிடப்பது மாதக்கணக்கில் வெளியேறாது. டப்பா முழுக்கத் தீர்ந்ததும் கழுவி, காயவைத்து, புதிதாக நிரப்ப வேண்டும். அதற்கு வசதியாக இரண்டு டப்பா வாங்கி மாற்றி மாற்றி வைக்கலாம். சோப்பைக் கையில் விட்டால் விரலில் இழையாமல் தண்ணீராக ஓடுகிறதா என்று பார்ப்பதையும் மேலாளரின் பார்வைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கழிவறையும் சமையல் பகுதியும் நேரடியாக இணையக் கூடாது, கை கழுவ சோப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணையிலேயே இருக்கிறது. உரிமம் வாங்கும்போது பார்த்த அந்தப் பக்கத்தை அப்புறம் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

நல்ல அட்டை எப்படி இருக்கும்?

முதல் மாற்றம், அச்சடித்த நேரத்தை எடுத்துவிடுவது. நேரக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். உள்ளே போனவர் போன நேரத்தை எழுதுவார். 1.05, 1.40, 2.10 என்று ஒழுங்கில்லாமல் வந்தால்தான் அது உண்மையான அட்டை.

இரண்டாவது, 'செய்தாச்சு' என்ற டிக்குக்கு முன்னால் 'உள்ளே என்ன இருந்தது' என்று ஒரு கட்டம். தரை ஈரம், சோப்பு காலி, கூடை நிரம்பல், நாற்றம், ஃப்ளஷ் கோளாறு, விளக்கு இல்லை என்று ஆறு படம் வரைந்துவிட்டால், எழுத வராதவரும் வட்டம் போட்டுவிடலாம். மூன்றாவது, பார்வையிடுபவரின் கையெழுத்து. சுத்தம் செய்பவரே சான்றும் கொடுக்கக் கூடாது. மேலாளர் நாளுக்கு மூன்று முறை, சொல்லாமல் போய்ப் பார்த்து, பார்த்த நேரத்தை எழுத வேண்டும்.

நம் 80 இருக்கை உணவகத்தில் ஒரு ஞாயிற்றின் அட்டை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12.35, எல்லாம் சரி. 1.05, பெண்கள் அறையில் தரை ஈரம், துடைத்தாச்சு. 1.40, ஆண்கள் பக்கம் சோப்பு காலி, டப்பா மாற்றியாச்சு. 2.10, பெண்கள் அறையில் கூடை நிரம்பல், எடுத்தாச்சு. 2.40, பெண்கள் அறையில் ஃப்ளஷ் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. 3.10, மறுபடியும் அதே ஃப்ளஷ்.

அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றின் அட்டைகளை மேஜையில் பரப்பிப் பார்த்தால் விஷயம் புரியும். ஒவ்வொரு வாரமும் ஒன்றே முக்கால் வாக்கில் சோப்பு தீர்கிறது. அப்படியானால் ஒன்றரைக்கே டப்பாவை மாற்றிவிடலாம். கூடை இரண்டு மணிக்கு நிரம்புகிறது. பெரிய கூடையாக, காலால் மிதித்துத் திறப்பதாக வாங்கலாம். ஃப்ளஷ் ஓடுவது வேறு கதை. தொட்டி நிரம்பும் முன்பே தண்ணீர் கசிந்துபோனால், அடுத்தவர் அழுத்தும்போது பாதித் தண்ணீர்தான் வரும். கோப்பை சுத்தமாகாது. எத்தனை முறை தேய்த்தாலும் பத்து நிமிடத்தில் பழைய நிலைதான். அக்காவைத் திட்டி என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்க சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரை ஃப்ளஷ் தொட்டிக்குள் போட்டு, கால் மணி நேரம் யாரும் அழுத்தாமல் விட வேண்டும். கோப்பைத் தண்ணீரில் நிறம் இறங்கியிருந்தால், தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை. காலையிலிருந்து டிக் மட்டும் நிறைந்த அட்டையில் இந்த ஃப்ளஷ் எப்போதும் 'சரி'யாகவே இருந்திருக்கும்.

ஆனால் அட்டையை மாற்றிய முதல் வாரமே இதெல்லாம் நடந்துவிடாது. முதல் நாள் 'சோப்பு காலி' என்று எழுதியவரைப் பார்த்து, "ஏன் காலியாகிற வரைக்கும் விட்டீங்க?" என்று முதலாளி குரலை உயர்த்தினால், மறுநாளிலிருந்து எல்லாக் கட்டமும் 'சரி' என்றே வரும். குறை எழுதாத அட்டையை விசாரிக்க வேண்டும். குறை எழுதிய அட்டைக்கு அன்றே பொருள் வாங்கிக் கொடுக்க வேண்டும். வாஷர் கேட்டு எழுதி, மூன்றாம் நாளும் வாஷர் வரவில்லை என்றால் நான்காம் நாள் யார் எழுதப்போகிறார்கள்?

வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மணிக்கும் போட்டோ அனுப்பச் சொல்லும் உணவகங்களும் உண்டு. போட்டோவில் தரையின் பளபளப்பு தெரியும். நாற்றமும், சோப்பில் கலந்த தண்ணீரும், உடைந்த தாழ்ப்பாளும் தெரியாது. உள்ளே யாரும் இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும் என்ற கவனமும் வேண்டும். பெண்கள் கழிவறைக்குள் போன் கேமராவோடு யார் போனாலும் அங்கே வருபவருக்கு நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். நூலில் கட்டிய ஒரு பேனாவும் காகித அட்டையும் அந்த அறைக்குப் பொருத்தம்.

மேலாளர் பார்வையிடப் போகும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட வேண்டும். தாழ் விழுகிறதா, கைப்பையை மாட்ட ஆணி இருக்கிறதா, உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தால் கதவின் உள்பக்கம் எப்படி இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் காலில் தெறிக்கிறதா என்பதெல்லாம் வாசலில் நின்றால் தெரியாது. பெண்கள் பக்கத்தை ஒரு பெண் ஊழியர்தான் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும், 3.10க்கு எழுதிய ஃப்ளஷ் பற்றி பிளம்பருக்கு அங்கிருந்தே போன் போட்டுவிடலாம். மாலைக் கூட்டம் ஏழு மணிக்கு வந்துவிடும்.